இப்போதா, அடுத்த வருடமா? தாளில் வரையும் ஒரு தீர்மான மரம்

மகளிர் குழுவொன்று புதிய பொருளொன்றைச் செய்து பார்த்து, அது நன்றாக வந்துவிட்டால், அடுத்த கூட்டத்திலேயே இரண்டு குரல்கள் கேட்கும். "இப்பவே விடுவம், பிந்தினால் வேற ஆரும் செய்து போடுவினம்" என்பது ஒரு குரல். "அவசரப்படாமல் வாற வருசம் பாப்பம்" என்பது மற்றக் குரல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நியாயத்தை வைத்து முடிவு எடுக்கப்படுவதில்லை. யாருடைய குரல் உரத்ததோ, யாருக்குச் சங்கத்தில் மதிப்பு அதிகமோ அவர் பக்கமே முடிவு சாய்ந்துவிடுகிறது.

இப்படியான வேளைகளில் இரு தரப்பும் சொல்வதை ஒரே தாளில் எழுதி, கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதைத் தீர்மான மரம் என்பார்கள். 1964 ஆம் ஆண்டில் ஜோன் மகீ என்பவர் ஹாவார்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை மூலம் இம்முறை வியாபார உலகில் பரவலாக அறியப்பட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்காகச் சொல்லப்பட்டதானாலும் இதற்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பென்சில், பெருக்கலும் கூட்டலும் மாத்திரமே. வடமராட்சியில் நான் வேலை செய்யும் ஒரு மாதர் சங்கத்தில் இதை வரைந்து பார்த்தோம். அந்தக் கணக்கையே இங்கு படிப்படியாகத் தருகிறேன். வாசகிகள் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசித்தால், கட்டுரை முடியும்போது மரமும் வரைந்து முடிந்திருக்கும்.

பருவம் போனால் ஒரு வருடம்

அந்தச் சங்கத்தில் பத்துப் பெண்கள் ஒன்று சேர்ந்து ஒடியற்கூழ்க் கலவை ஒன்றைச் செய்திருந்தார்கள். ஒடியல் மாவுடன் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு என்பன அளவாகக் கலந்து, பழப்புளியைத் தனியே ஒரு சிறு பையில் வைத்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரம் காய்ச்சப் போதுமான பொதி. மீனையும் மரவள்ளியையும் வாங்கிச் சேர்த்தால் கூழ் தயார். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்து போகும் உறவினருக்கும் கொடுத்துப் பார்த்ததில் நல்ல பெயர்.

இங்கே "ஒரு வருடம்" என்ற காலம் யாரும் விரும்பித் தெரிவு செய்தது அல்ல. பாத்தியிலிருந்து கிழங்கு கிண்டி, பிளந்து, வெயிலில் காயவைத்து ஒடியலாக்கும் காலம் வருடத்தில் ஒரு முறைதான் வரும். அந்த நேரத்தில் மொத்தமாக வாங்கினால்தான் விலை கட்டும். பின்னர் சந்தையில் சில்லறையாக வாங்கினால் இலாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே இந்தப் பருவத்தில் வாங்குவதா, விட்டுவிட்டு அடுத்த பருவம் வரை பொறுப்பதா என்ற கேள்விக்கு இரண்டு கிழமைக்குள் பதில் வேண்டியிருந்தது.

தலைவி உடனே தொடங்க வேண்டும் என்றார். பொருளாளர் பொறுக்க வேண்டும் என்றார். தலைவி முதிய ஆசிரியை. பொருளாளரோ இளம் தாய். அவருடைய பேச்சு எடுபடாமல் போகும் என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கரும்பலகையில் மரத்தை வரைவோம் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சதுரமும் வட்டமும்

தாளின் இடது ஓரத்தில் ஒரு சதுரம் போடுங்கள். சதுரம் என்றால் நாங்கள் தீர்மானிக்கும் இடம். அதிலிருந்து வலப்பக்கமாக மூன்று கோடுகள் கிளம்புகின்றன. மேலே உள்ளது "இப்போது தொடங்கு". நடுவில் உள்ளது "ஒரு வருடம் பொறுத்து, சோதித்துப் பார்". கீழே உள்ளது "கைவிடு". மூன்றாவது கோட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தெரிவுதான். அதன் கணக்கு பூச்சியம். மற்ற இரண்டும் அந்தப் பூச்சியத்தை விட மேலாக இருந்தால்தான் பேசுவதில் பயன் உண்டு.

மேல் கோட்டின் நுனியில் ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் என்றால் எங்கள் கையில் இல்லாதது, சந்தை தீர்மானிப்பது. அதிலிருந்து இரண்டு கோடுகள்: "நன்றாக விற்கும்", "விற்காது". உண்மையில் இடைப்பட்ட நிலைகளும் உண்டு. முதல் தடவைக்கு இரண்டு போதும்.

நடுக்கோட்டின் நுனியிலும் ஒரு வட்டம். அது சோதனையின் முடிவு. "நல்லது" என்று வந்தால் அந்த இடத்தில் மீண்டும் ஒரு சதுரம் வரும், ஏனெனில் தொடங்குவதா விடுவதா என்று நாங்கள் திரும்பவும் தீர்மானிக்கலாம். "கூடாது" என்று வந்தால் நிறுத்திவிடலாம். முதலில் தொடங்கிவிட்டவருக்கு இந்த இரண்டாவது சதுரம் கிடையாது. பொறுத்திருப்பதன் ஆதாயம் இந்தச் சதுரத்தில்தான் இருக்கிறது. அது என்ன பெறுமதி என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

நுனியில் எழுதும் தொகை

ஒவ்வொரு கிளையின் நுனியிலும், அந்த வழியே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று எழுத வேண்டும். இதில் ஒரு விதி முக்கியம். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே முடிவுத் திகதி இருக்க வேண்டும். நாங்கள் இன்றிலிருந்து மூன்று பருவங்கள் என்று வைத்துக்கொண்டோம். இப்போது தொடங்கினால் மூன்று பருவம் விற்கலாம். பொறுத்தால் இரண்டு பருவந்தான். இந்த விதியை விட்டால் பொறுப்பதற்கு விலையே இல்லாதது போலக் கணக்கு ஏமாற்றிவிடும்.

ஆரம்பச் செலவைப் பெண்களே ஒவ்வொன்றாகச் சொல்ல, பொருளாளர் எழுதினார். ஒடியல் 120,000 ரூபா. அரைத்தல், மற்றச் சரக்குகள் 40,000. அச்சிட்ட பைகள் 100,000. பை ஒட்டும் இயந்திரம் 20,000. போக்குவரத்து, கடைகளுக்கு மாதிரிப் பொதி கொடுத்தல் 20,000. மொத்தம் 300,000 ரூபா. பெண்களின் நாட்கூலியைப் பருவச் செலவில் சேர்த்துக்கொண்டோம். தங்கள் உழைப்புக்கு விலை போடாமல் இலாபம் என்று எழுதுவது எங்கள் குழுக்களில் வழமையாக நடப்பது. அப்படி எழுதிய இலாபம் இலாபம் அல்ல.

நன்றாக விற்றால், கூலியும் அடுத்த பருவத்துக்கான சரக்குச் செலவும் போக, பருவத்துக்கு 200,000 ரூபா மிஞ்சும் என்று மதிப்பிட்டார்கள். மூன்று பருவத்துக்கு 600,000. ஆரம்பச் செலவைக் கழித்தால் 300,000 ரூபா இலாபம்.

விற்காவிட்டால் முதற் பருவத்தோடு நிறுத்த வேண்டும். கையிருப்பு ஒடியல் மாவை வெறும் மாவாக விற்று 85,000, இயந்திரத்தை விற்று 15,000 ஆக 100,000 திரும்ப வரும். 200,000 ரூபா நட்டம்.

பொறுக்கும் கிளைக்கு வருவோம். இந்த வருடம் சிறிதளவு மாத்திரம் செய்து, சில கடைகளில் வைத்து, எத்தனை பேர் இரண்டாம் தடவை வாங்குகிறார்கள் என்று பார்ப்பது. கூடவே மழைக்காலத்தில் பொதிக்குள் ஈரம் பிடித்து மா கட்டிபடுகிறதா, வண்டோ பூஞ்சணமோ வருகிறதா என்றும் பார்க்கலாம். இதற்கு 30,000 ரூபா செலவு. முடிவு நல்லதானால் அடுத்த பருவம் தொடங்கி இரண்டு பருவம் விற்கலாம். 400,000 இலிருந்து 300,000 ஐயும் சோதனைச் செலவு 30,000 ஐயும் கழித்தால் 70,000 ரூபா இலாபம். முடிவு கூடாததானால் அதோடு நிறுத்தலாம். நட்டம் 30,000 மட்டுமே.

இவ்வளவையும் எழுதி முடித்ததும் கூட்டத்தில் ஒரு அமைதி. பொறுத்தால் இலாபம் 300,000 இலிருந்து 70,000 ஆகக் குறைவதைத் தலைவி சுட்டிக்காட்டினார். நட்டம் 200,000 இலிருந்து 30,000 ஆகக் குறைவதைப் பொருளாளர் சுட்டிக்காட்டினார். இருவரும் இவ்வளவு நாளும் ஒரே மரத்தின் வெவ்வேறு நுனிகளைப் பார்த்துக்கொண்டு வாதாடியிருக்கிறார்கள்.

பத்தில் எத்தனை?

வட்டத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோட்டிலும் அது நடக்கக்கூடிய அளவை எழுத வேண்டும். பாடப் புத்தகத்தில் இதனை நிகழ்தகவு என்று படித்திருப்போம். கூட்டத்தில் அந்தச் சொல் வேண்டாம். "இதைப் போலப் பத்துப் பொருட்கள் சந்தைக்கு வந்தால் எத்தனை நன்றாக விற்கும்?" என்று கேட்டால் போதும்.

பத்தில் ஒன்பது என்றுதான் முதலில் பதில் வந்தது. தங்கள் கையால் செய்த பொருளை யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஆகவே கேள்வியை மாற்றினேன். "எங்கட பக்கத்துச் சங்கங்கள் செய்து கடைக்குக் கொடுத்த பொதிச் சாமான்கள் உங்களுக்குத் தெரிந்தது எத்தனை? அதிலை ஒரு வருசம் கழிச்சும் கடையில் இருந்தது எத்தனை?" ஊறுகாய், மோர்மிளகாய், முருங்கையிலைத் தூள், குரக்கன் மா என்று விரல்விட்டு எண்ணினார்கள். பத்துப் பொருட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு வருடம் தாண்டியவை நான்கு. பொருளாளர் "அப்ப நாலு" என்றார். தலைவி, "அவையின்ரை பொருளைப் போலையே எங்கட பொருள்? ஒடியற்கூழுக்கு இங்கை வேறை ஆள் இல்லை, ஆறு போடலாம்" என்றார்.

ஒருவர் சொல்லும் எண்ணை அவர் உண்மையாகவே நம்புகிறாரா என்று அறிய ஒரு சிறிய வழி உண்டு. ஒரு பையில் ஆறு குன்றிமணியும் நான்கு புளியங்கொட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடி எடுக்கும்போது குன்றிமணி வந்தால் 1,000 ரூபா பரிசு, அல்லது கூழ்க்கலவை நன்றாக விற்றால் 1,000 ரூபா பரிசு. எதில் பந்தயம் கட்டுவீர்கள் என்று கேட்க வேண்டும். பையைத் தெரிவு செய்தால் ஆறு என்பது அவருக்கே கூடுதல் என்று பொருள். ஒரு குன்றிமணியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையைப் போட்டு மீண்டும் கேட்கலாம். எதைத் தெரிவதென்று தடுமாறும் இடமே அவருடைய உண்மையான எண். தலைவி ஐந்தில் தடுமாறினார். ஆறுக்கும் நாலுக்கும் இடையில் இருந்த தகராறு, ஐந்துக்கும் நாலுக்கும் இடையிலானதாகச் சுருங்கியது.

வலமிருந்து இடமாக

மரத்தை இடமிருந்து வலமாக வரைகிறோம். கணக்கை வலமிருந்து இடமாகச் செய்கிறோம். வட்டம் வந்தால் ஒவ்வொரு நுனித் தொகையையும் அதன் எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்படி வரும் தொகையே எதிர்பார்க்கப்படும் பெறுமதி. சதுரம் வந்தால் பெருக்குவதில்லை. கிளைகளில் எது பெரிதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றின் குறுக்கே இரண்டு சிறு கோடுகள் இழுத்துவிடுகிறோம்.

பொருளாளரின் எண்ணை முதலில் போட்டோம். பத்தில் நாலு விற்கும், ஆறு விற்காது. இப்போது தொடங்கினால், 300,000 இன் பத்தில் நாலு பங்கு 120,000. நட்டம் 200,000 இன் பத்தில் ஆறு பங்கும் 120,000. ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து பூச்சியம். பொறுத்துச் சோதித்தால், 70,000 இன் பத்தில் நாலு பங்கு 28,000. 30,000 இன் பத்தில் ஆறு பங்கு 18,000. மிச்சம் 10,000 ரூபா. ஆகவே பொறுப்பது நல்லது.

தலைவியின் ஐந்தைப் போட்டோம். இப்போது தொடங்கினால் 150,000 இலிருந்து 100,000 கழிந்து 50,000. பொறுத்தால் 35,000 இலிருந்து 15,000 கழிந்து 20,000. ஆகவே தொடங்குவது நல்லது.

நாலில் பொறுப்பது 10,000 முன்னுக்கு நிற்கிறது. ஐந்தில் தொடங்குவது 30,000 முன்னுக்கு நிற்கிறது. இரண்டும் சமமாகும் இடம் இடையில் கால்வாசித் தூரத்தில், பத்துக்கு 4.25 என்ற இடத்தில் இருக்கிறது. தீர்மானம் மாறும் இடம் அதுதான். உண்மையான எண் எது என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அது 4.25 இற்கு மேலா கீழா என்பது மட்டுமே கேள்வி. இவ்வாறு தெளிவான ஒரு கேள்வி கையில் கிடைப்பதே இந்த மரத்தால் வரும் முதல் நன்மை.

பொறுப்பது எப்போது பயன் தரும்?

சோதனை ஒன்றும் செய்யாமல், சும்மா ஒரு வருடம் பொறுத்துவிட்டுத் தொடங்கினால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டார். அதற்கும் ஒரு கிளை வரைந்தோம். விற்றால் இரண்டு பருவத்தின் 400,000 இலிருந்து 300,000 கழிந்து 100,000 இலாபம். விற்காவிட்டால் அதே 200,000 நட்டம். பத்தில் நாலு என்று போட்டால் 40,000 இலிருந்து 120,000 கழிந்து 80,000 ரூபா நட்டம் வருகிறது. இப்போதே தொடங்குவதை விட இது மிக மோசம். ஒரு பருவ வருமானம் போய்விட்டது, ஆனால் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. பொறுத்திருக்கும் காலத்தில் நாம் அறியப்போவது எங்கள் முடிவை மாற்றக்கூடியதாக இருந்தால் மட்டுமே அந்தக் காலத்துக்குப் பெறுமதி உண்டு. "வாற வருசம் பாப்பம்" என்பவரிடம், "வாற வருசம் இப்ப தெரியாத எது தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால் அது தயக்கம் மாத்திரமே.

சோதனை செய்தாலும் அது எப்போதும் உண்மையே சொல்லும் என்றும் இல்லை. மாதிரிப் பொதியைத் தெரிந்தவர்களுக்கே விற்றால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். பத்தில் இரண்டு தடவை சோதனை பிழையான பதில் தரும் என்று வைத்துக்கொண்டு கணக்கை மீண்டும் பார்த்தோம். இப்படியான நூறு பொருட்களை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது விற்கக்கூடியவை. அதில் 32 ஐச் சோதனை சரியாகக் காட்டும், 8 ஐத் தவறவிடும். அறுபது விற்காதவை. அதில் 48 ஐச் சரியாகத் தடுக்கும், 12 ஐ நல்லது என்று பொய்யாகக் காட்டிவிடும். அந்தப் பன்னிரண்டிலும் சோதனைச் செலவோடு சேர்த்து 230,000 ரூபா வீதம் நட்டம். எல்லாவற்றையும் கூட்டி நூறால் பிரித்தால், 10,000 இலாபமாக இருந்த பொறுக்கும் கிளை 22,000 நட்டமாக மாறிவிடுகிறது. அப்படியான சோதனையை நம்பிப் பொறுப்பதை விடக் கைவிடுவதே மேல். அதாவது, பொறுப்பவர்கள் சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். அறிமுகம் இல்லாத கடைகளில் வைத்து, முதல் விற்பனையை விட்டுவிட்டு, இரண்டாம் தடவை கேட்டு வந்தவர்களை மாத்திரம் எண்ண வேண்டும்.

நட்டக் கிளையைச் சிறிதாக்கல்

கணக்கு இந்த இடத்தில் நின்றபோது, அதுவரை பேசாதிருந்த ஒரு பெண், "விக்காட்டி ஏன் இரண்டு லச்சம் போகுது, மிஸ்?" என்று கேட்டார். தொகையைப் பிரித்துப் பார்த்தோம். ஒடியலில் போவது 35,000, இயந்திரத்தில் 5,000, அரைத்தல், சரக்கு, போக்குவரத்து 60,000. மிகுதி 100,000 ரூபாவும் அச்சிட்ட பைகள். அச்சகத்தார் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுத் தருவதில்லை. ஆகவே மூன்று பருவத்துக்கும் காணும் பைகளை ஒரேயடியாக வாங்க வேண்டும். பெயர் அச்சிட்ட பை வேறு எவருக்கும் உதவாது. நட்டத்தின் பாதி, இன்னும் கூழ்க்கலவை நிரப்பாத வெறும் பைகளில் இருந்தது!

வெறும் பையை வாங்கி அதில் ஸ்டிக்கர் ஒட்டினால், தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். முதலில் 20,000 ரூபாவுக்கு வாங்கினால் போதும். ஒரு பைக்கான விலை கூடும். நன்றாக விற்றால் மூன்று பருவத்திலும் சேர்த்து 20,000 ரூபா கூடுதலாகச் செலவாகும். ஆகவே இலாபம் 300,000 இலிருந்து 280,000 ஆகக் குறையும். விற்காவிட்டாலோ நட்டம் 200,000 இலிருந்து 120,000 ஆகக் குறையும். ஸ்டிக்கரில் பொருட்களின் பெயர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி எல்லாம் அச்சிட்ட பையில் போலவே இருக்க வேண்டும். அதில் சிக்கனம் பிடிக்க முடியாது.

மரத்தில் புதிய கிளை ஒன்றை வரைந்து, பொருளாளரின் நாலையே போட்டோம். 280,000 இன் பத்தில் நாலு பங்கு 112,000. 120,000 இன் பத்தில் ஆறு பங்கு 72,000. மிச்சம் 40,000 ரூபா. பொறுக்கும் கிளையில், சோதனை ஒருபோதும் பிழைக்காது என்று வைத்தாலும், இருப்பது 10,000 தான். நாங்கள் எண்ணைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம். பத்தில் மூன்று என்று வரும்போதுதான் இரண்டும் சமமாகின்றன, அப்போது இரண்டும் பூச்சியம். முன்பு 4.25 ஆக இருந்த மாறுமிடம் 3 இற்கு இறங்கிவிட்டது. தலைவியின் ஐந்து, பொருளாளரின் நாலு இரண்டும் இப்போது கோட்டின் ஒரே பக்கத்தில் இருந்தன. யாரும் தன் எண்ணை விட்டுக்கொடுக்காமலே இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

தொடங்குவதா பொறுப்பதா என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருப்பதை இதில் காணலாம். தொடங்கிய பின் திரும்பி வர எவ்வளவு செலவாகும் என்பதே அது. திரும்பி வருவது மலிவானால் பொறுக்க வேண்டிய தேவை குறைகிறது. திரும்ப முடியாத செலவு பெரிதானால், அச்சிட்ட பைகளைப் போல, பொறுப்பதற்கு நியாயம் கூடுகிறது.

பெருக்கல் சொல்லாத ஒன்று

எதிர்பார்க்கப்படும் பெறுமதி 40,000 ரூபா என்றால், சங்கத்துக்கு 40,000 ரூபா கிடைக்கும் என்று பொருள் அல்ல. அந்தத் தொகை மரத்தின் எந்த நுனியிலும் இல்லை. கிடைக்கப்போவது ஒன்றில் 280,000 இலாபம், இல்லையேல் 120,000 நட்டம். இப்படியான முயற்சிகளைப் பல தடவை செய்பவருக்குச் சராசரியாக 40,000 வரும். பெரிய நிறுவனம் இருபது பொருட்களை விட்டு, பன்னிரண்டில் நட்டப்பட்டாலும் மற்ற எட்டில் பிடித்துவிடும். பத்துப் பெண்கள் ஒரு தடவைதான் செய்கிறார்கள்.

ஆகையால் பெருக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மிக மோசமான நுனியை ஒவ்வொரு வீடும் தாங்குமா? 120,000 ஐப் பத்தால் பிரித்தால் ஒருவருக்கு 12,000 ரூபா. பழைய கிளையில் அது 20,000. கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் தாங்கும் என்பார்கள். மற்றவர் முன்னிலையில் தன் இயலாமையைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்கும். தனித்தனியே துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னேன். 12,000 ரூபா போனால் தோட்டை ஈடு வைக்க வேண்டி வரும் என்று இருவர் எழுதியிருந்தார்கள். அந்த இருவருக்கும் மரம் காட்டிய 40,000 ரூபாவில் ஆறுதல் இல்லை. அவர்கள் பங்குப் பணம் போடாமல், நாட்கூலிக்கு வேலை செய்து, விற்பனை நிலைத்த பின் பங்கில் சேரலாம் என்று சங்கம் ஏற்றுக்கொண்டது. மற்ற எட்டுப் பேருக்கும் நட்டம் ஆளுக்கு 15,000 ஆகக் கூடும். அதையும் எழுதிக் காட்டி, மீண்டும் துண்டுக் கடதாசியில் சம்மதம் கேட்ட பின்பே முடிவானது.

நிறுத்தும் நாளையும் எழுதி வைத்தல்

நட்டம் 120,000 ஓடு நிற்கும் என்று மரத்தில் எழுதுவது இலகு. உண்மையில் விற்பனை படுத்தால் மனம் இலேசில் நிறுத்த விடாது. "இன்னும் ஒரு மாதம்" என்று மேலும் சரக்கு வாங்கி, மேலும் கடன்பட்டு, 120,000 என்று எழுதியது இரட்டிப்பாகப் போகும். அப்படிப் போனால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே நிறுத்தும் நாளை முன்கூட்டியே கூட்டறிக்கையில் எழுதச் சொன்னேன். பன்னிரண்டு கடைகளுக்குக் கொடுப்பது. நான்காம் மாத முடிவில் குறைந்தது ஐந்து கடைகள் தாமாகவே இரண்டாம் தடவை பொதி கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகப் பைகூட வாங்காமல், மிகுதி மாவை வெறும் மாவாக விற்று முடிப்பது. இதற்குப் பத்துப் பேரும் கையொப்பமிட்டார்கள்.

அந்தக் கிழமையே ஒடியல் வாங்கப்பட்டது. நான்காம் மாத முடிவில் ஏழு கடைகள் இரண்டாம் தடவை கேட்டிருந்தன. அதனால் எங்கள் கணக்கு சரியென்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று கடைகளே கேட்டிருந்தாலும் அன்று எடுத்த தீர்மானம் பிழையாகியிராது, ஏனெனில் அப்படி நடக்கலாம் என்பதையும் பத்தில் ஆறு என்று எழுதித்தான் தீர்மானித்தோம்.

அடுத்த பருவத்துக்கு முன் அவர்கள் மீண்டும் ஒரு சதுரத்திலிருந்து தொடங்கப் போகிறார்கள். இம்முறை கேள்வி, அச்சிட்ட பைக்கு மாறுவதா இல்லையா என்பது. விற்காத கிளையின் எண் இப்போது பத்தில் ஆறு அல்ல, அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதில் தலைவியும் பொருளாளரும் இன்னும் உடன்படவில்லை.